பதிவில் "இன்னைக்கு" வேண்டாம்: தீபாவளி வாரத்தில் கடைப் போன் என்ன பேச வேண்டும்?

2022 தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் காலையில் அவசர அவசரமாக ஒரு பதிவு போட்டேன்: "இன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடை உண்டு." அதைச் சொன்ன நேரத்தில் அதில் ஒரு பிழையும் இல்லை. ராத்திரி ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம். பதிவை யாரும் மாற்றவில்லை.

புதன்கிழமை ஒரு அம்மா வந்தார். மருமகனுக்குத் தலைதீபாவளிச் சட்டை எடுத்திருக்கிறார், அளவு பிடிக்கவில்லை. தீபாவளியன்று விடியற்காலையில் போன் செய்தபோது "இன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும்" என்று என் குரலே சொல்லியிருக்கிறது. அதை நம்பி அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "போன்ல நீதானம்மா பேசுன, கடை உண்டுன்னு?" என்று கேட்டார். சட்டையை மாற்றிக் கொடுத்தோம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பண்டிகை வாரத்தில் கடைப் போனுக்குப் பதிவு போடும் வேலை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நம் தலையில் விழும். "நல்லாப் பேசுவியே, ரெண்டு வரி பேசிப் போட்டுரு" என்பார் முதலாளி. ஆனால் அந்த இரண்டு வரியை ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான பேர் கேட்பார்கள். விளம்பரத்தைக் கேட்க யாரும் போன் செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் பதிவுதான் நல்ல பதிவு. அதை எப்படித் தயாரிப்பது என்பதை 2025 தீபாவளி நாட்காட்டியை வைத்தே பார்க்கலாம். அந்த வருடமும் தீபாவளி திங்கட்கிழமை, அக்டோபர் 20. முந்தின நாள் ஞாயிறு என்பதால் நான் தவறிய அதே சிக்கல் அதிலும் உண்டு.

முதலில் ஒரு நாள் கோடு போடுங்கள்

எழுத உட்காரும் முன், விற்பனை சூடு பிடிக்கும் ஒரு நாளில் போன் பக்கத்தில் ஒரு பழைய நோட்டை வையுங்கள். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு சொல் எழுதி, அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நாலைந்து கேள்விகள்தான் பெரும்பகுதியாக இருக்கும். ஜவுளிக்கடை என்றால், கடை எத்தனை மணி வரை, பிளவுஸ் தீபாவளிக்குள் கிடைக்குமா, எடுத்த துணியை மாற்றலாமா, வண்டியை எங்கே விடுவது. "எத்தனை சதவீதம் தள்ளுபடி?" என்று கேட்பவர்கள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருப்பார்கள். அதைப் போஸ்டரிலேயே பார்த்துவிட்டுத்தான் போன் செய்கிறார்கள்.

இந்தக் கோடுகளை ஏன் எண்ண வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. போன் எடுக்க இரண்டு பேர், ஒரு அழைப்புக்குச் சராசரியாக 3 நிமிடம் என்று வையுங்கள். ஒருவர் மூச்சு விடாமல் பேசினாலும் மணிக்கு 20 அழைப்பு. இருவரும் சேர்ந்து 40. மாலை 6 மணிக்கு மேல் மணிக்கு 60 அழைப்பு வந்தால் 20 பேர் நிற்பார்கள், அடுத்த மணியில் அந்த வரிசை இன்னும் நீளும். அந்த 60-ல் மூன்றில் ஒரு பங்கு கடை நேரமும் பார்க்கிங்கும் கேட்பவர்கள் என்றால், அவர்களுக்குக் காத்திருக்கும்போதே பதில் கிடைத்துவிட வேண்டும். அப்படிக் கிடைத்தால் மீதி 40 பேரை இரண்டு பேரே சமாளிக்கலாம். காத்திருப்புப் பதிவு மூன்றாவது ஆளாக வேலை செய்கிறது என்றால் அது இந்தக் கணக்கினால்தான்.

சுழலும் பதிவை நாலாகப் பிரியுங்கள்

பெரும்பாலான கடைகளில் ஒரே பதிவுதான் திரும்பத் திரும்ப ஓடும். அது இப்படி இருக்கும்:

"எங்கள் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. அனைத்துப் பிரதிநிதிகளும் தற்போது பிற வாடிக்கையாளர்களுடன் உரையாடலில் உள்ளனர். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். இந்தத் தீபாவளிக்கு எங்கள் கடையின் மாபெரும் அதிரடித் தள்ளுபடியைக் கண்டு மகிழுங்கள்."

காத்திருப்பவருக்கு இதில் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை. அழைப்பு முக்கியம் என்று நாலாவது தடவை கேட்கும்போது "முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே" என்றுதான் தோன்றும்.

இதற்குப் பதில் நாலு சிறு பதிவுகள் செய்யுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு விஷயம், 20 விநாடிக்குள். தமிழை நிதானமாகப் படித்தால் 20 விநாடியில் ஏறத்தாழ 30 முதல் 35 சொற்கள்தான் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 விநாடி இசை. ஒரு பதிவும் இசையும் சேர்ந்து 35 விநாடி. நாலுக்கும் 140 விநாடி. ஆக 2 நிமிடம் 20 விநாடி வரை காத்திருப்பவர் எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டார். ஒரே பதிவு ஓடினால் அதே நேரத்தில் நாலு முறை கேட்டிருப்பார்.

அந்த அக்டோபர் வாரத்துக்கான நாலும் இப்படி அமையும். எண்களை நான் எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். காகிதத்தில் 19 என்று எழுதினால் படிப்பவர் ஒரு தடவை "பத்தொன்பது" என்பார், இன்னொரு தடவை "நைன்டீன்" என்பார்.

முதல் பதிவு, நேரம்: "தீபாவளி வாரக் கடை நேரம். அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை வரைக்கும் காலை ஒன்பது மணி முதல் ராத்திரி பதினோரு மணி வரை. பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை. இருபது, திங்கட்கிழமை, தீபாவளியன்னைக்குக் கடை கிடையாது."

இரண்டாவது, தையல்: "பிளவுஸ் தீபாவளிக்குள்ள தைச்சுக் கிடைக்கணும்னா அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள துணி எங்க கைக்கு வந்துரணும். ஏற்கனவே கொடுத்தவங்க தையல் ரசீதைக் கையில எடுத்து வச்சுக்கோங்க, நம்பர் கேட்போம்."

மூன்றாவது, மாற்றம்: "எடுத்த துணியை மாத்த பில்லும், துணியில தொங்குற விலைச் சீட்டும் வேணும். அக்டோபர் இருபத்தியிரண்டு, புதன்கிழமையிலேருந்து முப்பத்தியொண்ணு, வெள்ளிக்கிழமை வரைக்கும், காலை பத்து மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் நடுவுல வந்து மாத்திக்கலாம்."

நாலாவது, வருவது பற்றி: "காலையில ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் கூட்டம் குறைவு. கார்ல வர்றவங்க பின் தெரு வாசல் வழியா வாங்க. காத்திருக்க முடியலைன்னா ஒண்ணை அழுத்திட்டு போனை வச்சிருங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள நாங்களே கூப்பிடுறோம்."

பிரித்து வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 14-ம் தேதி ராத்திரி எட்டு மணி தாண்டியதும் மாற வேண்டியது இரண்டாவது பதிவு மட்டும்தான். "தீபாவளிக்கான தையல் ஆர்டர் முடிஞ்சிருச்சு, இனிமே கொடுக்கிற துணி பண்டிகை கழிச்சுக் கிடைக்கும்" என்று ஒரு வரி பேசி மாட்டினால் போதும். எல்லாம் ஒரே பதிவாக இருந்தால், முழுவதையும் மறுபடி பேச வேண்டுமே என்ற சோம்பலில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

"இன்னைக்கு", "நாளைக்கு", "இந்த ஞாயிறு" ஆகிய மூன்றும் எந்தப் பதிவிலும் வரக்கூடாது. பேசியவருக்கும் கேட்பவருக்கும் "இன்னைக்கு" ஒரே நாளாக இருக்காது. தேதியும் கிழமையும் சேர்த்தே சொல்லுங்கள். போனில் ஒன்று காதில் விழாவிட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

தள்ளுபடியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று முதலாளி நின்றால், வரம்பையும் அதே மூச்சில் சொல்லுங்கள். "அம்பது சதவீதம் வரை" என்பதில் அந்த "வரை" போனில் கரைந்துவிடும். "தேர்ந்தெடுத்த பட்டுப் புடவைகளுக்கு மட்டும், அதிகபட்சம் அம்பது சதவீதம்" என்று வரம்பு முதலில் வர வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்று சொல்லும்போது ஒலி வடிவில் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறது. போனில் பேசியதுதானே என்று தப்பிக்க இடமில்லை. பில் போடும் இடத்தில் நின்று "போன்ல அம்பதுன்னாங்களே" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது கேஷியர்தான். பதிவு போட்ட நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

இசை நின்று குரல் வரும் அந்த நொடி

காத்திருப்பவர்கள் எரிச்சலடையும் ஒரு இடத்தைக் கடைக்குள் இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை. இசை சட்டென்று நின்று குரல் வந்ததும், ஆள் எடுத்துவிட்டார் என்று நினைத்து "ஹலோ, அக்கா" என்று பேச ஆரம்பிக்கிறார்கள். பதிவு என்று தெரிந்ததும் ஏமாந்துபோகிறார்கள். இது நாலு தடவை நடந்தால் ஐந்தாவதாக உண்மையான ஆள் எடுக்கும்போது வாடிக்கையாளர் கோபமாகத்தான் தொடங்குவார்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரே மாதிரியான சின்ன மணியோசை ஒன்றை வையுங்கள். முதல் தடவையே காதுக்குப் பழகிவிடும்: மணி வந்தால் பதிவு. போன் எடுப்பவர் மணி இல்லாமல் நேரே தன் பெயரைச் சொல்லித் தொடங்கட்டும். பதிவில் பேசியவரே மாலையில் போனும் எடுக்கிறார் என்றால் இந்த மணி இன்னும் அவசியம். அந்தத் தீபாவளிக்கு நான் எடுத்தபோது பாதிப் பேர் நான் பதிவு என்று நினைத்துப் பேசாமலே இருந்தார்கள்.

இசையைத் தேர்ந்தெடுக்கும்போது கடை ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்காதீர்கள். வழக்கமான போன் இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். பேச்சுக்கு அது போதும், தவிலுக்கும் தம்புராவுக்கும் போதாது. போதாததற்கு, செல்போன் இணைப்புகளில் ஒலியைச் சுருக்கும் முறைகள் மனிதப் பேச்சுக்காகவே செய்யப்பட்டவை. பல வாத்தியம் சேர்ந்த இசையை அவை கரகரப்பாக ஆக்கிவிடும், சில நேரம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கியும்விடும். புல்லாங்குழலோ வீணையோ தனியாக, மெதுவாக இருந்தால் தாங்கும். மேளதாளத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். இதில் ரசனை மட்டும் பிரச்சினை இல்லை, உரிமையும் இருக்கிறது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு பி.பி.எல். என்று உரிமம் கொடுக்கும் அமைப்புகள் இந்தியாவில் இருக்கின்றன. கடைக்காகப் பாட்டு வாங்கியிருக்கிறோம் என்பது போனில் வாசிக்க அனுமதி ஆகாது. ஊரில் குழல் வாசிக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லி, பணம் கொடுத்து, போனில் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது.

புடவைக் கிடங்கே ஒலிப்பதிவு அறை

நல்ல பதிவுக்கு ஸ்டூடியோ போகத் தேவையில்லை. ஜவுளிக்கடையில் வேலை செய்பவருக்கு ஒரு அதிர்ஷ்டம், மாடியில் துணி கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் கிடங்கு. துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். நான் பேசுவது பட்டுப் பெட்டிகளுக்கும் போர்வைக் கட்டுகளுக்கும் நடுவில், காலை ஏழு மணிக்கு, தெருவில் ஆட்டோச் சத்தம் தொடங்கும் முன். ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கன்னத்துப் பக்கமாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் "பில்", "பட்டு", "பதினெட்டு" எல்லாவற்றிலும் "ப" மைக்கில் வந்து மோதும்.

எந்தத் தமிழில் பேசுவது? மேடைத் தமிழ் வேண்டாம், தெருப் பேச்சும் வேண்டாம். கல்லாவில் இருக்கும் மூத்தவர் ஒரு புது வாடிக்கையாளரிடம் பேசுகிற தமிழ்தான் சரியானது. "வாருங்கள்" என்றால் விறைப்பு, "வாங்க" போதும். "ரசீது", "பில்", "தையல்" என்று கடையில் எது புழங்குகிறதோ அதையே சொல்லுங்கள். எண்ணைச் சொல்லும்போது மட்டும் வேகத்தைப் பாதியாக்குங்கள். "ஏழு மணி", "எட்டு மணி" இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோல் விழும். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபைவும் நைனும் குழம்பும். போன் எண் சொல்ல வேண்டி வந்தால் ஐந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டு தடவை.

பேசி முடித்த கோப்பை உங்கள் போன் இணைப்பு நிறுவனம் எந்த வடிவில் கேட்கிறது என்று விசாரியுங்கள். கடைக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கும் அமைப்புகளில் பெரும்பாலும் 8000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் டபிள்யூ.ஏ.வி. கோப்பு போதும். கணினியில் எஃப்.எஃப்.எம்பெக் இருந்தால் ஒரே வரியில் மாற்றிவிடலாம்:

```
ffmpeg -i neram.m4a -ar 8000 -ac 1 -c:a pcm_s16le neram_1020.wav
```

கோப்பின் பெயரில் இருக்கும் 1020 என்பது அந்தப் பதிவு காலாவதியாகும் தேதி, அக்டோபர் 20. பதிவு செய்த தேதியை யாரும் தேடமாட்டார்கள். எப்போது கழற்ற வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

மாட்டிய பிறகு சோதிப்பதைக் கடைக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷனிலிருந்து செய்யாதீர்கள். வெளியே போய், பழைய பட்டன் போனில், பஸ் ஸ்டாண்ட் சத்தத்துக்கு நடுவே நின்று கடை எண்ணை அழையுங்கள். தேதியும் மணியும் அங்கே புரிந்தால் எங்கும் புரியும்.

கடை மூடிய பிறகு

நம் ஊரில் வாய்ஸ்மெயிலில் பேசும் பழக்கம் குறைவு. பீப் வந்ததும் பெரும்பாலோர் வைத்துவிடுவார்கள். சிலர் "ஹலோ... ஹலோ... யாரும் இல்லையா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் கடைக்காரர் கூப்பிடுவார் என்பதுதான் நமக்குப் பழக்கமானது. அதனால் மூடிய பிறகு ஓடும் பதிவு இரண்டு வகையினருக்கும் இடம் தர வேண்டும், பேசுகிறவருக்கும் பேசாமல் வைக்கிறவருக்கும்.

"வணக்கம், இது" என்று தொடங்கிக் கடைப் பெயர். அதன் பிறகு: "இப்போ கடை மூடியிருக்கு. காலை ஒன்பது மணிக்குத் திறப்போம். பீப் சத்தம் வந்ததும் உங்க பேரு, பில் நம்பர், என்ன விஷயம்னு மூணும் சொல்லுங்க. காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவுல இதே நம்பருக்குக் கூப்பிடுறோம். பேச வேண்டாம்னா போனை வச்சிருங்க. உங்க நம்பர் எங்ககிட்ட வந்திருச்சு, அப்பவும் கூப்பிடுவோம்."

கேட்பது மூன்றே விஷயம்தான். போன் எண்ணைக் கேட்கத் தேவையில்லை, திரையில் வந்துவிடுகிறது. "உடனடியாகத் தொடர்புகொள்வோம்" என்பதற்குப் பதில் ஒரு நேரம் சொல்கிறோம். அந்த நேரத்தைக் கடை காப்பாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். ராத்திரி 25 பேர் அழைத்திருந்தால், ஒருவருக்கு 3 நிமிடம் வீதம் 75 நிமிடம் வேண்டும். 9 மணிக்குத் தொடங்கும் ஒருவர் 10.15-க்கு முடிப்பார், பத்தரை சரி. 50 பேர் என்றால் இருவரை உட்கார வையுங்கள், இல்லையென்றால் பதிவில் "பன்னிரண்டு மணிக்குள்ள" என்று மாற்றுங்கள்.

கூப்பிடுபவர் கையில் அதே பழைய நோட்டு இருக்கட்டும்: எந்த எண், என்ன விஷயம், யார் கூப்பிட்டது, முடிந்ததா. இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் கோடு போட்டு முடித்துவிடலாம். இப்படி வந்த எண்களுக்குத் தள்ளுபடிச் செய்தி அனுப்பத் தொடங்காதீர்கள். அவர் அழைத்தது கேள்வி கேட்க; விளம்பரம் அனுப்ப அது சம்மதமாகாது.

தினமும் காலையில் கேட்டு முடித்த பதிவுகளை அழித்துவிடுங்கள். பல அமைப்புகளில் வாய்ஸ்மெயில் பெட்டிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. பண்டிகை வாரத்தில் வெற்று "ஹலோ"க்களாலேயே அது நிறைந்துவிடும். பிறகு அழைப்பவருக்குப் பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒரு ஆங்கிலக் குரல்தான் கேட்கும். ஒரு காலையில் சட்டென்று ஒரு பதிவும் இல்லை என்றால், யாரும் அழைக்கவில்லை என்று மகிழாதீர்கள். முதலில் பெட்டியைப் பாருங்கள். ஒரு பதிவின் நீளத்தையும் 60 விநாடிக்கு வரம்பு கட்டுங்கள்.

நள்ளிரவுக் கண்ணி

பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிப்பது அமைப்புக்குள் இருக்கும் நேர அட்டவணை. ஞாயிறு ராத்திரி 1 மணி வரை கடை என்பது நமக்கு ஞாயிற்றுக்கிழமைதான். கணினிக்கு 12 மணி அடித்ததும் 20-ம் தேதி, திங்கட்கிழமை, தீபாவளி, விடுமுறை. கடை நிறைய ஆள் இருக்க, 12.10-க்கு அழைப்பவருக்கு "தீபாவளியன்னைக்குக் கடை கிடையாது" என்று கேட்கும்.

ஒரே விதியில் நள்ளிரவைத் தாண்ட முடியாத அமைப்புகள் பல. அதனால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்:

- அக்டோபர் 19, 09:00 முதல் 23:59 வரை: கடை திறந்திருக்கிறது
- அக்டோபர் 20, 00:00 முதல் 01:00 வரை: கடை திறந்திருக்கிறது
- அக்டோபர் 20, 01:00-க்குப் பிறகு: தீபாவளிப் பதிவு

இரண்டாவது வரி பட்டியலில் மூன்றாவதற்கு மேலே இருக்க வேண்டும். விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் அமைப்பில், விடுமுறை விதி முதலில் வந்தால் அதுவே வென்றுவிடும். செவ்வாய்க்கிழமையும் கடை இல்லை என்றால் அந்த நாளையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். தீபாவளியன்று லாகின் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

தீபாவளிப் பதிவு தனியாக இருக்கட்டும்: "தீபாவளி வாழ்த்துகள். அக்டோபர் இருபது திங்களும் இருபத்தியொண்ணு செவ்வாயும் கடை கிடையாது. இருபத்தியிரண்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கிறோம். துணி மாத்துறதுக்கு முப்பத்தியொண்ணாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு, அவசரப்பட வேண்டாம்." அந்தக் கடைசி வரி அம்பாசமுத்திரத்து அம்மாவுக்காக எழுதியது. மாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவர் பண்டிகை நாளில் பஸ் ஏறினார்.

பதிவு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

வாரத்தின் நடுவில் ஒரு நாள் அமைப்பின் அறிக்கையை எடுங்கள். பேசாமல் துண்டித்த அழைப்புகள் எத்தனை என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள், எண்ணிக்கை அதிகம் என்றால் பதறுவார்கள். ஆனால் துண்டித்தவர்களில் இரண்டு வகை உண்டு: பதில் கிடைத்து வைத்தவர், வெறுத்து வைத்தவர்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் எத்தனை விநாடி காத்திருந்து துண்டிக்கப்பட்டது என்று பாருங்கள். நேரம் பற்றிய பதிவு முதல் 20 விநாடியில் ஓடுகிறது. 20-லிருந்து 25 விநாடிக்குள் கூட்டமாகத் துண்டிப்பு இருந்தால் அவர்கள் பெரும்பாலும் கடை நேரத்தைக் கேட்டுக்கொண்டு வைத்தவர்கள். பிறகு அதே எண்கள் 10 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தனவா என்று பாருங்கள். அழைக்கவில்லை என்றால் பதிவு தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபடி மறுபடி அழைத்திருந்தால் அவர்கள் கேள்விக்கு உங்கள் நாலில் பதில் இல்லை. அந்த எண்களில் ஐந்தைக் கூப்பிட்டு என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே விஷயம் சொன்னால் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் புடவைக் கிடங்கில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கழற்றும் வேலை. மாட்டுவதற்கு எல்லோரும் நினைவூட்டுவார்கள், கழற்றுவதற்கு யாரும் நினைவூட்டமாட்டார்கள். மாற்றம் பற்றிய பதிவு 31-ம் தேதி மாலை 5 மணிக்குக் காலாவதி; அதற்கு ஒரு பெயரும் ஒரு அலாரமும் வேண்டும். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை இருக்கிறது. எந்தப் பதிவு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் கழற்றுவது என்று நாலு கட்டம். 2022-க்குப் பிறகு இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. கடை மூடும் ராத்திரி, ஷட்டர் இறங்கியதும் தெருவில் நின்று என் செல்போனிலிருந்து கடைக்கு ஒரு போன் போடுகிறேன். பூட்டிய கடைக்குள் மணி அடித்து, பதிவு எடுத்து, "கடை கிடையாது" என்று என் குரல் எனக்கே சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவேன்.